கழற்றி மாட்டுவதற்கும் ஒரு கணக்கு உண்டு

"வாரம் இரண்டு முறை பேக்கப் டிஸ்க்கை மாற்றுகிறேன். கேபிளையே கழற்றி மாட்டினால் போதாதா, ஹாட்-ஸ்வாப் பே எதற்கு?"

சாதாரண சாட்டா கேபிளின் முனை சுமார் 50 முறை செருகுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. உங்கள் கணக்கில் ஆறு மாதம். கணினியை அணைக்காமலே டிஸ்க்கைச் செருகி எடுக்க உதவும் ஹாட்-ஸ்வாப் பே-யின் உள்ளே இருக்கும் முனைக்கு 500 முறை.

நானும் கேபிளைத்தான் பிடுங்கிக்கொண்டிருந்தேன். ஒருநாள் காப்பி பாதியில் நின்று நின்று போனது. டிஸ்க் போச்சு என்றே நினைத்தேன். அப்புறம் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் இந்தக் கட்டளையைப் போட்டுப் பார்த்தேன்:

```
sudo smartctl -A /dev/sdb
```

டிஸ்க்கில் பழுதாகி மாற்றப்பட்ட பகுதிகளை எண்ணும் Reallocated_Sector_Ct பூஜ்யம். ஆனால் 199 என்ற எண்ணுள்ள வரி, UDMA_CRC_Error_Count, ஒவ்வொரு காப்பிக்கும் ஏறியது. டிஸ்க் நன்றாக இருக்கிறது, வழியில்தான் தரவு கெடுகிறது என்று அர்த்தம். உலோகக் கொக்கி வைத்த புதுக் கேபிள் போட்டதும் ஏறுவது நின்றது. அந்த எண் பூஜ்யத்துக்குத் திரும்பாது. குறித்து வைத்துக்கொண்டு மேலும் ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

பே வாங்கினால் பயாஸில் அந்தப் போர்ட்டுக்கு ஹாட் பிளக்கை இயக்குங்கள். எஜெக்ட் கொடுத்து, சுழல்வது நிற்கும் வரை பொறுத்து இழுங்கள்.

பவர் கேபிளில்தான் எனக்குப் பயம் அதிகம். மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் அடாப்டரில், கம்பிகளை ஒரே பிளாஸ்டிக் கட்டியாக உருக்கி வார்த்த வகை வேண்டாம். உள்ளே கம்பி நகர்ந்து ஒன்றோடொன்று தொட்டால் எரியும். ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாக முனையில் அழுத்திப் பொருத்தப்பட்டது தெரிகிற வகையை எடுங்கள். வேறு பவர் சப்ளையோடு வந்த மாடுலர் கேபிளைச் செருகவே செருகாதீர்கள், முனை பொருந்தினாலும் உள்ளே வயரிங் மாறியிருக்கலாம்.