பட்டன் இல்லாத பக்கம்

போன வாரம் உடுமலை பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்கு பிரிண்ட் எடுக்கப் போயிருந்தேன். இரவு ஒன்பது மணி இருக்கும். கடைசி சிஸ்டத்தில் ஒரு பெண் அழுதுகொண்டே மவுஸை உருட்டிக்கொண்டிருந்தாள். கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறவள். ஒரு வேலைக்கு விண்ணப்பம் போட வந்திருக்கிறாள். அன்றைக்குத்தான் கடைசித் தேதி, இரவு 11:59 வரைக்கும் நேரம்.

கடைக்காரர் இருந்த இடத்தில் இருந்தே சத்தம் போட்டார். "மூடிட்டு மறுபடி திற கண்ணு. தெரியலைன்னா தெரிஞ்சவங்களைக் கூட்டிட்டு வரணும்."

அந்த வார்த்தை எனக்குப் பொறுக்கவில்லை. நான் வெப்சைட் பக்கங்கள் செய்கிற வேலையில் இருக்கிறவன். எழுந்து போய், "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டேன்.

"பக்கம் தானாப் பெருசாகுதுங்ண்ணா. கீழ உருட்டுனா எறும்பு மாதிரி சின்னதாகுது, மேல உருட்டுனா திரை பூரா எழுத்தா வந்துருது. Submit பட்டனையே காணோம்."

நாற்பது நிமிஷமாக நிரப்பியிருக்கிறாள். போட்டோவை 50 கேபிக்குள் சுருக்கி ஏற்றியாகிவிட்டது, கையெழுத்தும் ஏற்றியாகிவிட்டது, மதிப்பெண் எல்லாம் தட்டியாகிவிட்டது. கடைசியாக, கொடுத்த விவரங்களையெல்லாம் சரிபார்க்கச் சொல்லி ஒரு பெட்டி திறந்து நின்றது. அதற்குள் "இடம்" என்று ஒரு கட்டம். அதற்கும் கீழே எங்கேயோதான் Submit இருக்க வேண்டும்.

"இடத்துல என்ன போட்ட?"

"போட முடியலைங்ண்ணா. பொள்ளாச்சின்னு அடிக்கப் போனா பிரிண்ட் விண்டோ வந்து நிக்குது."

அந்த ஒரு வரியிலேயே காரணம் கிடைத்துவிட்டது. Pollachi என்பதன் முதல் எழுத்து P. Ctrl அழுத்தியபடியே P தட்டினால்தான் பிரிண்ட் விண்டோ வரும். Ctrl அழுத்தியிருக்கும்போது மவுஸ் சக்கரத்தை உருட்டினால் பக்கம் நகராது, பெரிதாகும் அல்லது சிறிதாகும். ஆக, யாரும் தொடாமலே Ctrl அழுந்திக் கிடக்கிறது. குனிந்து பார்த்தேன். இடது ஓரத்து Ctrl மற்ற கட்டைகளைவிட ஒரு நூல் கீழே இறங்கியிருந்தது. விளிம்பில் காய்ந்த டீக் கறை. அவள் தன் பதிவு எண்ணை காப்பி செய்து ஒட்டியிருக்கிறாள். அப்போது அழுத்திய Ctrl மேலே எழும்பவே இல்லை.

நல்லவேளை, அவள் ஊர் P-யில் தொடங்கியது. வாலாஜாபேட்டை என்று இருந்து Walajapet-க்கு W தட்டியிருப்பாள் என்றால், Ctrl-உடன் சேர்ந்து அந்தப் பக்கமே மூடியிருக்கும். R தட்டியிருந்தால் பக்கம் மறுபடி முதலில் இருந்து ஏறியிருக்கும். நாற்பது நிமிஷ வேலையும் போயிருக்கும்.

ஒரு விசிட்டிங் கார்டின் ஓரத்தைக் கட்டைக்கு அடியில் விட்டு மெதுவாக நெம்பினேன். டக் என்று மேலே வந்தது. அவள் ஊர்ப் பெயரை அடித்தாள், எழுத்து விழுந்தது. ஆனால் பக்கம் 175 சதவீதத்திலேயே நின்றது, பட்டன் இன்னும் இல்லை. கடைக்காரர் சொன்னபடி மூடித் திறந்திருந்தாலும் இதே கதைதான், ஏனென்றால் க்ரோம் ஒவ்வொரு தளத்துக்கும் கடைசியாக இருந்த அளவை ஞாபகம் வைத்துக்கொள்ளும். திறந்ததும் அதே 175-ல்தான் வரும், தட்டியதெல்லாம் மட்டும் போயிருக்கும்.

வலது பக்கத்து Ctrl-ஐ அழுத்திக்கொண்டு 0 தட்டச் சொன்னேன். பக்கம் 100 சதவீதத்துக்கு வந்தது. அப்போதும் பட்டன் இல்லை!

எனக்குக் கோபம் வந்தது அந்த இடத்தில்தான். அதுவரைக்கும் டீ சிந்திய கீபோர்டுதான் குற்றவாளி என்று நினைத்திருந்தேன். வலது Ctrl-உடன் கழித்தல் குறியை இரண்டு தடவை தட்டச் சொன்னேன். 90, அப்புறம் 80. பெட்டியின் அடியில் பட்டன் முழுசாகத் தெரிந்தது. அவள் கையை அதன்மேல் வைக்கவே பயந்தாள். "ஒரு தடவை பேரு, பிறந்த தேதி எல்லாம் படிச்சுட்டு அழுத்தும்மா" என்றேன். படித்தாள், அழுத்தினாள், விண்ணப்ப எண் வந்தது. பிரிண்ட் எடுத்ததோடு, திரையை ஃபோனிலும் ஒரு படம் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அந்தத் தளத்தின் ஸ்டைல் கோப்பைத் திறந்து பார்த்தேன். அந்தப் பெட்டிக்கு உயரம் 700 பிக்சல் என்று அடித்து வைத்திருக்கிறார்கள். திரையின் உச்சியில் ஒட்டி நிற்கும், உள்ளே உருட்ட வழி கிடையாது, பின்னால் இருக்கும் பக்கமும் நகராதபடி பூட்டு. சென்டரில் இருந்தது 1366-க்கு 768 திரை. அதில் டாஸ்க்பார், டேப், முகவரிப் பட்டை எல்லாம் போக, பக்கத்துக்கு மிஞ்சுவது சுமார் 630. அப்படியென்றால் 100 சதவீதத்திலேயே பெட்டியின் அடியில் 70 பிக்சல் திரைக்குக் கீழே போய்விடும். பட்டன் இருந்தது அந்த 70-க்குள்தான். 175-க்குப் பெரிதாக்கினால் அதே 630-ல் கொள்ளுவது 360 மட்டும், அதாவது பெட்டியில் பாதி. பெரிய மானிட்டரில் உட்கார்ந்து செய்தவருக்கு இது கண்ணில் படவே பட்டிருக்காது.

சரிசெய்ய எத்தனை நேரம் ஆகும்? இவ்வளவுதான்:

```css
.preview {
  height: auto;
  max-height: 90vh;
  overflow-y: auto;
}
```

பெட்டி திரையின் உயரத்தில் 90 சதவீதத்தைத் தாண்டாது. உள்ளே இருப்பது அதிகமானால் பெட்டிக்குள்ளேயே உருட்டிக்கொள்ளலாம்.

"Ctrl சிக்கினது ஒரு விபத்து, அதுக்கு வெப்சைட் என்ன பண்ணும்" என்று என்னோடு வேலை பார்க்கிற நண்பர் கேட்டார். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பக்கத்தைப் பெரிதாக்கிப் படிப்பது எத்தனையோ பேருக்கு அன்றாடம். பார்வை மங்கியவர்கள் 200, 300 சதவீதத்தில் வைத்துத்தான் எதையும் படிக்கிறார்கள். அவர்களுக்கு எந்தக் கட்டையும் சிக்கவில்லை. இருந்தும் இந்தப் பெட்டியில் அவர்களுக்கும் பட்டன் கிடைக்காது. 2018-ல் வந்த WCAG 2.1 என்ற வலைத்தள அணுகல் விதிமுறையில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. 1280 பிக்சல் அகலத் திரையில் 400 சதவீதம் வரை பெரிதாக்கினாலும் உள்ளடக்கமும் வசதியும் எதுவும் தொலையக்கூடாது என்கிறது அது. நம் அரசுத் தளங்களுக்கான GIGW வழிகாட்டியின் 2023 பதிப்பும் இதே விதிமுறையைத்தான் அடிப்படையாக வைத்திருக்கிறது. 100 சதவீதத்திலேயே பட்டனைத் தொலைக்கிற ஒரு பக்கத்தை எப்படி ஒப்புதல் கொடுத்து வெளியே விட்டார்கள்?

அந்தத் தளத்தின் தொடர்பு முகவரிக்கு அன்று இரவே மெயில் போட்டேன். 1366-க்கு 768 திரையில் 100 சதவீதத்தில் அந்தப் பெட்டி எங்கே வெட்டுப்படுகிறது, 175-ல் எங்கே வெட்டுப்படுகிறது என்று கணக்குப் போட்டு, கீழே அந்த ஐந்து வரியையும் வைத்தேன். இதுவரை பதில் இல்லை. அடுத்த விண்ணப்பம் திறக்கும்போது அதே திரை அளவில் மறுபடியும் போய்ப் பார்ப்பேன்.

நான் கிளம்பும்போது அந்தப் பெண் ஹால் டிக்கெட் வைத்திருந்த பிளாஸ்டிக் கவரின் மேல் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தாள்: Ctrl 0. பக்கத்தில், "வலது பக்கம்".