‘Backup complete’ என்று காட்டிவிட்டால் ஆயிற்றா?

கூகுள் போட்டோஸ் செயலியில் இந்த ‘Backup complete’ என்ற வாசகத்தை எழுதி வைத்தவர் கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் விடுவேன். எந்தக் கணக்குக்குப் போயிற்று? எந்த ஃபோல்டரிலிருந்து போயிற்று? எப்போது போயிற்று? இது எதையும் சொல்லாமல் ஒரு டிக்கைப் போட்டுக் காட்டினால் பார்க்கிற மனிதர் என்ன நினைப்பார்? எல்லாப் படமும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது என்றுதானே நினைப்பார்? அப்பாவும் அப்படித்தான் நினைத்தார்.

அப்பா புதுப் போன் வாங்கினார். போட்டோ பார்ப்பது மட்டும் பழைய டேப்பில்தான், கண்ணுக்குப் பெரிய திரை வேண்டும். தங்கையின் நிச்சயதார்த்தத்தில் அவரே எடுத்த படங்கள் எல்லாம் போனில் தெரிகின்றன. டேப்பில் ஒன்றுகூட இல்லை. பழைய போன் போன நாளோடு டேப்பில் காலம் நின்றுவிட்டது. போனைத் திறந்தால் ‘Backup complete’. போன் விற்ற கடையில் கேட்டால், “டேப் பழசாயிடுச்சு மேடம், மாத்திடுங்க” என்கிறார்கள். போன் கம்பெனியின் சேவை எண்ணில் கேட்டால் ரீஸ்டார்ட் பண்ணுங்க, கேஷ் கிளியர் பண்ணுங்க, அப்புறமும் வரலைன்னா ஃபேக்டரி ரீசெட் பண்ணுங்க என்று ஒப்பிக்கிறார்கள். எனக்கு ரத்தம் கொதித்ததே அங்கேதான். இணையத்துக்குப் போய்ச் சேராத படங்கள் போனில் மட்டும்தான் இருக்கின்றன. அந்தப் போனை மொத்தமாக அழித்துவிட்டு எதை ஒத்திசைக்கச் சொல்கிறீர்கள்?

இவர்களில் ஒருவராவது கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி ஒன்று உண்டு. போனில் இருக்கும் படம் நேராக டேப்புக்குத் தாவுவதில்லை. போன் அதை இணையத்தில் இருக்கும் கூகுள் கணக்குக்கு ஏற்றுகிறது, டேப் அந்தக் கணக்கிலிருந்து எடுத்துக் காட்டுகிறது. ஆகவே தகராறு ஏற்றும் பக்கமா, இறக்கும் பக்கமா என்று முதலில் பிரிக்க வேண்டும். அதற்கு டேப்பும் வேண்டாம், போனும் வேண்டாம். ஒரு கணினியில் பிரவுசரைத் திறந்து, டேப்பில் இருக்கும் அதே ஜிமெயில் முகவரியில் நுழைந்து, போட்டோக்களைப் பார்த்தால் போதும். அங்கே படம் இருந்தால் டேப்பில் கோளாறு. அங்கேயும் இல்லை என்றால் டேப்பைத் திட்டிப் பயனில்லை, போன்தான் அந்தக் கணக்குக்கு ஏற்றவில்லை. நான் பார்த்தேன். இல்லை. பாவம், அந்த டேப்பை மாற்றச் சொன்னார்கள்!

அப்படியானால் ‘complete’ ஆனது எங்கே? போனில் போட்டோ செயலியைத் திறந்து, மேல் வலது மூலையில் இருக்கும் வட்டப் படத்தைத் தட்டினேன். அங்கே ஒரு முகவரி இருந்தது. அப்பாவின் பெயரும் அதற்குப் பின்னால் ஏதோ எண்களும். எங்கள் வீட்டில் யாரும் அதைப் பார்த்ததே இல்லை. நடந்தது இதுதான். கடையில் போனைத் தொடங்கும்போது அப்பாவுக்குப் பழைய கணக்கின் பாஸ்வேர்டு நினைவில்லை. கடைக்காரப் பையன் இரண்டு நிமிடத்தில் புதுக் கணக்கு ஒன்றை உருவாக்கி, போனைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டான். “புதுசா ஒரு கணக்கு போட்டிருக்கேன் அங்கிள், இதுதான் முகவரி” என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு வாட்ஸ்அப் பழைய அரட்டைகளை மீட்க வேண்டுமே என்று வீட்டில் பாஸ்வேர்டை மாற்றி, பழைய கணக்கையும் போனில் சேர்த்தார்கள். ஆக, போனில் இரண்டு கணக்கு. போட்டோ செயலி முதலில் வந்த கணக்கையே பிடித்துக்கொண்டது. அரட்டை பேக்கப் பழைய கணக்குக்குப் போகிறது, படங்கள் புதுக் கணக்குக்குப் போகின்றன, டேப் பழைய கணக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இதில் எங்கேயும் ‘பிழை’ கிடையாது. எல்லாம் சரியாக வேலை செய்கின்றனவாம்!

போனில் கணக்கு சேர்ந்திருப்பது வேறு, போட்டோ செயலி எந்தக் கணக்கில் ஏற்றுகிறது என்பது வேறு. போனின் செட்டிங்ஸில் பழைய முகவரி தெரிகிறதே என்று நம்பி ஏமாறுகிறவர்கள் ஏராளம். செயலிக்குள் போய் Backup பக்கத்தில் இருக்கும் முகவரியை எழுத்து எழுத்தாகப் படித்து, டேப்பில் இருப்பதோடு ஒப்பிட வேண்டும்.

சரி, பழைய கணக்குக்கு மாற்றினேன். உடனே சிவப்பில் அடுத்த செய்தி: இடம் நிறைந்துவிட்டது. இலவசக் கணக்கில் 15 ஜிபி. அது படங்களுக்கு மட்டும் என்று நினைத்தால் தப்பு. ஜிமெயில், டிரைவ், போட்டோ மூன்றும் அதே 15-ஐத்தான் பங்கு போடுகின்றன. தரத்தைச் சற்றுக் குறைத்து ஏற்றும் படங்கள் 2021 ஜூன் 1க்கு முன் இந்த 15 ஜிபிக்குள் சேரவில்லை. அதற்குப் பின் ஏறுகிறவை சேர்கின்றன. 2024 வாக்கில் ஆண்ட்ராய்டு போன்களின் வாட்ஸ்அப் பேக்கப்பும் இதே 15-க்குள் வந்துவிட்டது. அப்பாவின் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் படங்கள் ஏறத்தாழ 7 ஜிபி, மெயில் 2 ஜிபி, வாட்ஸ்அப் பேக்கப் மட்டும் 6 ஜிபி. அந்த ஆறில் என்ன இருக்கிறது? குடும்பக் குழுவில் தினமும் விடியற்காலையில் வந்து விழும் காலை வணக்க வீடியோக்கள். சூரியன் உதிக்கிறது, ரோஜா விரிகிறது, பின்னணியில் புல்லாங்குழல். மகளின் நிச்சயதார்த்தப் படத்துக்கு இடமில்லை, அந்த ரோஜாவுக்கு இருக்கிறது!

ஆத்திரத்தில் அப்பா ஏற்கெனவே நூற்றுக்கணக்கான படங்களை அழித்துப் பார்த்திருக்கிறார். அடைத்திருந்த இடம் துளியும் குறையவில்லை. ஏனென்றால் பேக்கப் ஆன படத்தை அழித்தால் அது 60 நாள் குப்பைக்கூடையில் கிடக்கும், அதுவரை இடத்தையும் அடைத்துக்கொண்டிருக்கும். குப்பையையும் காலி செய்தால்தான் எண் இறங்கும். அழிப்பதற்கு முன் இன்னொன்றும் தெரிய வேண்டும். போட்டோ செயலியில் ஒரு படத்தை அழித்தால் அது போன், டேப், இணையம் எல்லா இடத்திலும் போய்விடும். “போன்லதானே அழிச்சேன்” என்ற பேச்சுக்கு இடமில்லை.

ஆகவே முதலில் குப்பையைக் காலி செய்தேன், கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைத்தது. பிறகு வாட்ஸ்அப்பில் Chat backup பக்கத்துக்குப் போய் ‘Include videos’ என்பதை அணைத்துவிட்டு, ஒருமுறை பேக்கப் ஓட்டினேன். பழைய பேக்கப்பின் இடத்தில் சின்னதான புதியது வந்து உட்கார்ந்தது. வீடியோக்கள் போனிலேயே இருக்கின்றன, பேக்கப்பில்தான் இல்லை. போன் தொலைந்தால் அவை போயிற்று. ரோஜா போனால் போகட்டும்.

இனியாவது ஏறுமா? ‘Waiting for Wi-Fi’ என்றது. இங்கேதான் எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வீட்டில் வைஃபை இல்லை. அப்பாவின் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டுத்தான் டேப்புக்கே இணையம். வைஃபை கொடுப்பதே அந்தப் போன்தான். அது எந்த வைஃபைக்காகக் காத்திருக்கும்? ஆயுள் முழுக்கக் காத்திருக்கும்! இப்படி ஹாட்ஸ்பாட்டில் ஓடும் வீடுகள் நம் ஊரில் எத்தனை இருக்கும்? Backup பக்கத்தில் Mobile data usage என்று ஒன்று உண்டு. அதில் மொபைல் டேட்டாவிலும் ஏற்ற அனுமதி கொடுத்தேன், வீடியோக்களுக்கு மட்டும் கொடுக்கவில்லை. அவர் போன் எடுக்கும் படம் ஒன்று 4 எம்பி என்று வைத்தால் 200 படம் 800 எம்பி. ஒரு நாளைக்கு 2 ஜிபி கிடைக்கும் திட்டத்தில் அது தாராளமாக அடங்கும். நீளமான ஒரு வீடியோ ஏறினால் அன்றைய டேட்டா காலி.

ஏற ஆரம்பித்தது. போனை மேசையில் வைத்தேன். திரை அணைந்தது. ஏற்றமும் நின்றது. மறுபடி திறந்தால் ஓடுகிறது, மூடினால் நிற்கிறது. எனக்கு மிகவும் கோபம் இந்தப் போன் கம்பெனி மேல்தான். ஆண்ட்ராய்டே 2015 முதல், 6.0 பதிப்பிலிருந்து, சும்மா கிடக்கும் போனில் பின்னணி வேலைகளைத் தள்ளிப்போட்டு அவ்வப்போது மொத்தமாக ஓட விடுகிறது. அது நியாயம், பேட்டரி மிஞ்சும். ஆனால் இவர்கள் அதற்கு மேல் தங்கள் கைச்சரக்கு ஒன்றைச் சேர்த்து, திரையிலிருந்து விலகிய செயலியைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுகிறார்கள். பெட்டியில் ‘நாள் முழுக்க நிற்கும் பேட்டரி’ என்று அச்சடித்திருக்கிறார்களே, அதற்கு விலை கொடுப்பது நம் படங்கள். எந்தக் கம்பெனி எப்படிக் கொல்கிறது என்று வரிசை போட்டு வைக்க dontkillmyapp.com என்று ஒரு தளமே இருக்கிறது என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடையாளம் கண்டுபிடிப்பது எளிது. செயலியைத் திறந்து வைத்திருக்கும்போது மட்டும் இன்னும் ஏற வேண்டிய படங்களின் எண்ணிக்கை இறங்குகிறது, மூடினால் அப்படியே நிற்கிறது என்றால் கணக்கிலும் கோளாறில்லை, இடத்திலும் கோளாறில்லை. அந்தச் செயலியின் App info பக்கத்தில் Battery என்பதை ‘Unrestricted’ ஆக்க வேண்டும். இந்தப் போனில் அதுவும் போதவில்லை. Autostart என்று தனியாக ஒரு சாவியை வேறு ஏதோ செயலிக்குள் ஒளித்து வைத்திருந்தார்கள். அதைப் போட்ட பிறகுதான் திரை அணைந்தும் ஓடியது. அப்பாவுக்கு இன்னொரு பழக்கம், ஒவ்வொரு முறையும் எல்லாச் செயலிகளையும் மேலே தள்ளி மூடிவிடுவார். “போன் சூடாகுதும்மா” என்பார். சில போன்களில் அப்படித் தள்ளினால் செயலி அடுத்து திறக்கும் வரை எழுந்திருக்காது. போட்டோ செயலியை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கெஞ்சி வைத்திருக்கிறேன்.

நிச்சயதார்த்தப் படங்கள் டேப்புக்கு வந்தன. ஆனால் பாதிதான்! தொடக்கத்தில் எடுத்த கொத்து மட்டும் போனிலேயே இல்லை. போன் “இடம் போதவில்லை” என்றபோது அப்பா நல்ல பிள்ளையாக ‘Free up space’ பொத்தானை அமுக்கியிருக்கிறார். பேக்கப் ஆனவற்றை அது போனிலிருந்து அழித்துவிடும். அதாவது அந்தப் படங்கள் இப்போது கடைக்காரப் பையன் போட்ட கணக்கில் மட்டும்தான் இருக்கின்றன. கணக்கை மாற்றியதால் அவை தாமாக இந்தப் பக்கம் வராது. அந்தக் கணக்கில் நுழைந்து, ஓர் ஆல்பமாக்கி, பழைய முகவரிக்குப் பகிர்ந்து, இந்தப் பக்கம் வந்து ஒவ்வொன்றையும் சேமித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பகிர்ந்தால் மட்டும் போதாது. மூலக் கணக்கு போனால் பகிர்ந்ததும் போய்விடும்.

எல்லாம் முடிந்த பிறகு அப்பா கேட்கிறார், “அப்ப அந்தப் புதுக் கணக்கை அழிச்சிடலாமா?” வேண்டாம் என்றேன். அதன் பாஸ்வேர்டு போன் வாங்கிய பில்லின் பின்பக்கத்தில் அந்தப் பையனின் கையெழுத்தில் இருந்தது. முதலில் அதை மாற்றினேன். சேமித்தவற்றை இரண்டு பக்கமும் எண்ணிச் சரிபார்த்த பிறகுதான் அந்தக் கணக்குக்கு முடிவு.