‘முடிந்தால் தயவுசெய்து’ என்று எழுதிக் குளிரில் கிடந்த கதை

எனக்கு ஜெர்மன் தெரியும். பி2 முடித்திருக்கிறேன், தேர்வுக்காகப் பதினைந்து புகார்க் கடிதமாவது எழுதிப் பழகியிருப்பேன். எல்லாம் எதைப் பற்றி? கடல் தெரியும் அறை என்று விளம்பரம் போட்டுவிட்டுக் கார் நிறுத்துமிடம் தெரியும் அறையைக் கொடுத்த ஓட்டலைப் பற்றி. டிசம்பர் மாதம் ஜெர்மனியின் ஆஹன் நகரத்தில் ஹீட்டர் செத்துப்போனால் வீட்டுக்காரருக்கு எப்படி எழுதுவது என்று ஒரு பாடத்திலும் வரவில்லை.

நவம்பர் 28 அன்று என் அறை ரேடியேட்டர் ஜில்லென்று ஆகிவிட்டது. சமையலறையில் இருப்பது கொதிக்கிறது, என்னுடையது மட்டும் 5-இல் திருப்பி வைத்தாலும் பிணம் மாதிரி கிடக்கிறது. உள்ளே காற்று அடைத்திருந்தால் சாவி போட்டுத் திறந்துவிடலாம் என்றார்கள், திறந்தேன், காற்று வரவில்லை, தண்ணீர்தான் வந்தது. அப்படியென்றால் கோளாறு வேறு இடத்தில். வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். "யா, யா, பார்க்கிறேன்" என்றார். பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

அப்புறம் இரண்டு மெயில் அனுப்பினேன். அதைத்தான் நினைக்க நினைக்க வயிறு எரிகிறது. ‘வேர எஸ் ஃபிலைஷ்ட் மோக்லிஷ்’, அதாவது ‘ஒருவேளை சாத்தியமாக இருக்குமா’ என்று ஆரம்பித்து, தொந்தரவுக்கு மன்னிப்பும் கேட்டு, ‘நேரம் கிடைக்கும்போது’ என்று முடித்திருக்கிறேன். என் காசு கொடுத்து நான் இருக்கும் அறைக்கு நானே மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்! நம் ஊரில் பெரியவர்களிடம் பேசுகிற பணிவை அப்படியே ஜெர்மனில் ஊற்றிவிட்டேன். அவருக்கு அது புகாராகவே தெரியவில்லை. ‘ஜன்னலைத் திறந்து ஒழுங்காகக் காற்றோட்டம் விடுங்கள்’ என்று ஒரு வரிப் பதில் வந்தது. காற்றோட்டமாம்! என் தெர்மாமீட்டர் காலை 7 மணிக்கு 15 டிகிரி காட்டுகிறது.

பல்கலைக்கழக மாணவர் குழுவின் இலவசச் சட்ட ஆலோசனைக்குப் போனபோதுதான் விஷயமே புரிந்தது. அந்த அம்மா என் மெயிலைப் படித்துவிட்டு, "இதில் மொழி நன்றாக இருக்கிறது, கடிதம்தான் இல்லை" என்றார். என்ன குறை, எந்த அறையில், எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தேதிக்குள் சரிசெய்ய வேண்டும், இவ்வளவுதான் வேண்டுமாம். ‘சீக்கிரம்’ என்று எழுதினால் அது கெடு இல்லை, ‘ஜனவரி 12-க்குள்’ என்றால்தான் கெடு. தலைப்பில் ‘மேங்கல்-அன்ட்சைகே’ என்று போட வேண்டும், குறை அறிவிப்பு. அங்கேயே உட்கார்ந்து புதிதாக எழுதினேன். நான் ‘ஹீர்மிட் ட்சைகே இஷ் ஈனன்…’ என்று ஆரம்பித்து வாக்கியக் கடைசியில் வர வேண்டிய ‘ஆன்’ என்ற துண்டை விட்டுவிட்டேன், அறிவிக்கிறேன் என்பதற்குப் பதில் காட்டுகிறேன் என்று ஆகிவிட்டது. அந்த அம்மா சிரித்துக்கொண்டே பேனாவால் போட்டுக்கொடுத்தார். "இதை விட்டிருந்தாலும் கடிதம் செல்லும், தேதியை விட்டிருந்தால்தான் வம்பு" என்றார். நானோ இத்தனை நாளும் இலக்கணத்துக்குப் பயந்து மெயிலை இரவெல்லாம் திருத்திக்கொண்டிருந்தேன்.

சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? அந்த நாட்டின் சிவில் சட்டத்தில் 536-ஆம் பிரிவுப்படி, வீட்டில் பெரிய குறை இருந்தால் வாடகை தானாகவே குறைகிறது. ஆனால் 536சி-யின்படி குறையை உடனே தெரிவிப்பது குடியிருப்பவர் கடமை, தெரிவிக்காமல் விட்டால் அந்த உரிமை போகலாம், நம் தலையிலேயே நஷ்டஈடும் விழலாம். அதற்காக நாமே கோபத்தில் வாடகையை வெட்டக் கூடாதாம், பாக்கி இரண்டு மாத வாடகை அளவுக்குச் சேர்ந்தால் உடனே காலி செய்யச் சொல்ல அவருக்கு வழி கிடைத்துவிடும். அதனால் ஜனவரி வாடகை 480 யூரோவை முழுதாகக் கட்டி, பணம் அனுப்பும் குறிப்பில் ‘உன்டர் ஃபோர்பெஹால்ட்’, உரிமையை விட்டுக்கொடுக்காமல் கட்டுகிறேன் என்று போட்டேன். பிறகு திரும்பக் கேட்கலாம்.

கடிதத்தை ஜனவரி 5 அன்று, காலையும் இரவும் அளந்த வெப்பநிலைப் பட்டியலோடு அனுப்பினேன். கையெழுத்து வாங்கும் பதிவுத் தபால் வேண்டாம், அவர் வாங்காமலே இருந்துவிடலாம். அவர் வீட்டுத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு தபால்காரரே தேதி குறிக்கும் வகைதான் சரி. உறையில் போடும்முன் அறைத்தோழியைப் படிக்கவைத்தேன், பின்னால் ‘வெறும் உறைதான் வந்தது’ என்று சொன்னால் சாட்சி வேண்டுமே.

ஐந்தே நாளில் ஆள் வந்தார். வால்வுக்குள் இருந்த சின்னக் கம்பி சிக்கிக்கொண்டிருந்ததாம், குறடால் இழுத்து இழுத்து விட்டார், இருபது நிமிஷம். ஆறு வாரம் கம்பளிக்குள் உட்கார்ந்து நான் அசைன்மென்ட் எழுதியது அந்த ஒரு கம்பிக்காக.

மறுநாள் வீட்டுக்காரரிடமிருந்து மெயில். ‘இனிமேல் இதுபோன்ற குறைகளை உடனடியாகத் தெரிவிக்கவும்.’