நண்பருக்குத் தெரிகிறது என்பது சாட்சியாகாது

ஃபேஸ்புக்கில் பெரிய பொதுப் பக்கம் ஒன்றில் விடாமல் கமெண்ட் எழுதுகிறவர் எனக்குத் தெரிந்த ஒருவர். விஷயம் தெரிந்தவர், நிதானமாக எழுதுவார், ஆதாரத்துக்கு இணைப்பும் கொடுப்பார். அவருக்கு ஒரு வருத்தம். கீழே மற்றவர்கள் எழுதும் ஒற்றை வரிக் கமெண்டுக்கெல்லாம் பத்துப் பேர் பதில் சொல்கிறார்கள், இவர் எழுதியதை மட்டும் யாரும் சீண்டுவதில்லை. "நீ எழுதறது எங்களுக்கு நல்லாத்தானே தெரியுது" என்று நண்பர்கள் சொன்னதும் அவரும் விட்டுவிட்டார்.

அந்தப் பதில்தான் ஆளை ஏமாற்றுவது. ஃபேஸ்புக்கில் ஒரு பக்கத்தின் அட்மின் உங்கள் கமெண்டில் 'Hide comment' அழுத்தினால், அது உங்களுக்கும் உங்கள் நண்பர் பட்டியலில் இருப்பவர்களுக்கும் மட்டும் தொடர்ந்து தெரியும். பக்கத்தை நடத்துகிறவர்களைத் தவிர மற்ற யாருக்கும் தெரியாது. உங்களுக்கு அறிவிப்பும் வராது. நீக்கியிருந்தால் உங்கள் கண்ணுக்கே காணாமல் போயிருக்கும். உங்களைத் தடை செய்திருந்தால் கமெண்ட் போடவே முடியாது. இந்த மறைப்பில் மட்டும்தான் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். ஆகவே, நண்பரிடம் கேட்டு உறுதி செய்வது என்பது இங்கே பொருளில்லாத சோதனை. "தெரிகிறது" என்று அவர் சொல்வது உண்மைதான், ஆனால் அதிலிருந்து நமக்கு எதுவும் தெரிய வராது.

சோதனை செய்வதற்கு முன்பே ஒரு தடயம் கிடைக்கும். உங்கள் கமெண்டுக்கு லைக் போட்டவர்களின் பெயர்களைப் பாருங்கள். கூட்டம் அலைமோதும் பக்கத்தில், பல வாரங்களாக உங்களுக்கு விழுந்த லைக் எல்லாம் உங்கள் நண்பர்களுடையவை மட்டுமே என்றால் சந்தேகப்படலாம். முன்பின் தெரியாத ஒருவர் புதிதாக லைக் போட்டிருந்தாலோ சண்டைக்கு வந்திருந்தாலோ கவலை வேண்டாம், கமெண்ட் வெளியே தெரிகிறது. (வசை வாங்கியும் மகிழலாம் என்றால் இந்த ஓர் இடத்தில்தான்.)

சரி, எப்படி உறுதி செய்வது? உங்கள் நண்பர் பட்டியலில் இல்லாத, நீங்களும் அவரும் ஒருவரையொருவர் பிளாக் செய்யாத ஓர் ஆள் வேண்டும். அலுவலகத்தில் தெரிந்தவராகவோ நண்பரின் நண்பராகவோ இருக்கலாம், பட்டியலில் மட்டும் இருக்கக் கூடாது. கமெண்டுக்கு அடியில் எத்தனை நேரத்துக்கு முன் எழுதியது என்று காட்டும் சிறிய எழுத்து இருக்கும். கணினியில் அதன் இணைப்பை நகலெடுங்கள். முகவரிக்குள் comment_id என்று ஒரு பகுதி தெரியும். அந்த இணைப்பை அவருக்கு அனுப்புங்கள். கமெண்ட் வெளியே தெரிவதாக இருந்தால் பதிவு திறக்கும்போது அது தனியாக எடுத்துக் காட்டப்படும். மறைக்கப்பட்டிருந்தால் பதிவு மட்டும் திறக்கும், உங்கள் எழுத்து இருக்காது.

இங்கே அவசரப்பட வேண்டாம். ஃபேஸ்புக் வழக்கமாக 'Most relevant' என்ற வரிசையில்தான் கமெண்டுகளைக் காட்டும். அதில் நிறைய கமெண்டுகள் கண்ணில் படாமல் போகும், அதற்குப் பெயர் மறைப்பு அல்ல. சோதிப்பவர் 'All comments' என்று மாற்றிவிட்டுத் தேட வேண்டும். அதே நேரத்தில் வேறு யாரோ எழுதிய கமெண்ட் அவருக்குத் தெரிகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அது தெரிந்து உங்களுடையது தெரியாவிட்டால்தான் கணக்கில் கொள்ளலாம்.

லாகின் செய்யாமல் பிரைவேட் விண்டோவில் திறந்து பார்த்தேன், காணவில்லை என்பார்கள் சிலர். ஃபேஸ்புக்கில் இது செல்லாது. லாகின் இல்லாதவர்களுக்கு அது கமெண்டுகளைச் சரியாகக் காட்டுவதே இல்லை. யூடியூப் அப்படி இல்லை, லாகின் இல்லாமலேயே கமெண்டுகளைப் படிக்கலாம். அதனால் அங்கே பிரைவேட் விண்டோவில் 'Newest first' என்று வைத்துத் தேடினாலே போதும். இன்ஸ்டாகிராமில் ஒருவர் உங்களை 'Restrict' செய்திருந்தால், அவர் பதிவுகளில் நீங்கள் எழுதும் புதிய கமெண்ட் உங்களுக்கு மட்டும்தான் தெரியும், அவர் அனுமதித்தால்தான் மற்றவர்களுக்குத் தெரியும். அங்கே உங்கள் நண்பருக்குச் சலுகை கிடையாது, ஆகவே அவரையே சாட்சிக்குக் கூப்பிடலாம். ஒவ்வோர் இடத்துக்கும் சாட்சி வேறு.

நான் மேலே சொன்னவரிடம் திரும்புவோம். பட்டியலில் இல்லாத ஒருவரிடம் இணைப்பைக் கொடுத்துப் பார்த்ததில் கமெண்ட் இல்லை. அட்மினுக்கு நம் மேல் கோபம் என்று உடனே முடிவு கட்டினார். அதற்கும் ஒரு சோதனை உண்டு. முதலில், அவர் வேறொரு பொதுப் பக்கத்தில் எழுதியது அதே ஆளுக்குத் தெரிகிறதா என்று பார்த்தோம். தெரிந்தது, ஆக அவர் கணக்கில் கோளாறு இல்லை. அப்புறம் சந்தேகப்பட்ட பக்கத்தில், வேறொரு பதிவின் கீழ், இணைப்பு எதுவும் இல்லாமல் விஷயத்தை ஒட்டி இரண்டு வரி எழுதினார். அது எல்லோருக்கும் தெரிந்தது! மறுநாள் இன்னொரு பதிவில் இணைப்போடு எழுதியது தெரியவில்லை. ஆளைக் குறி வைத்திருந்தால் இரண்டுமே மறைந்திருக்கும்.

பக்கம் நடத்துகிறவர்களுக்கு ஃபேஸ்புக் தானியங்கி வடிகட்டி ஒன்றைத் தந்திருக்கிறது. குறிப்பிட்ட சொற்கள் வந்தால், இணைப்பு இருந்தால், எழுதியவருக்கு முகப்புப் படம் இல்லாவிட்டால், கணக்கு புதிதாக இருந்தால் மறைத்துவிடு என்றெல்லாம் அதில் குறித்து வைக்கலாம். எப்போதோ கடன் விளம்பரக்காரர்களின் தொல்லைக்காக வைத்த விதி, இன்று ஆதாரத்தோடு எழுதுகிறவரைப் பிடிக்கிறது. அட்மின் அவர் எழுதியதைப் படித்திருக்கவே மாட்டார். சொல் வடிகட்டி என்று தோன்றினால், எழுதியதில் பாதியை மட்டும் ஒரு பதிவிலும் மீதியை இன்னொரு பதிவிலும் போட்டுப் பார்த்தால் எந்தப் பாதியில் அந்தச் சொல் இருக்கிறது என்று தெரியும். ஆனால் ஒரே கமெண்டைத் திரும்பத் திரும்ப ஒட்டிச் சோதிக்காதீர்கள். அப்படிச் செய்தால் ஸ்பாம் என்று உங்கள் கணக்கே மாட்டிக்கொள்ளும், பிறகு எந்த முடிவையும் நம்ப முடியாது.

எல்லாச் சோதனையும் முடிந்தாலும் ஒன்று மட்டும் பிடிபடாது. நீங்கள் எது எழுதினாலும் மறைகிறது என்றால், ஓர் ஆள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மறைக்கிறாரா, உங்கள் கணக்கில் ஏதோ ஒன்று விதியில் சிக்குகிறதா என்பதை வெளியிலிருந்து சொல்ல முடியாது.

இந்த ஏற்பாட்டை நான் முழுக்க எதிர்க்கவில்லை. விளம்பரக்காரனிடம் "உன்னை மறைத்துவிட்டோம்" என்று சொன்னால் அடுத்த நிமிடமே புதுக் கணக்கோடு வருவான், அவன் பாட்டுக்குப் பேச விட்டுவிடுவதே சரி. ஆனால் ஒரு மாற்றுக் கருத்தை இப்படி மறைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. பக்கம் உங்களுடையது, வேண்டாம் என்றால் நீக்கிவிடுங்கள். எழுதியவருக்கு விஷயம் தெரியும், வேறு இடத்தில் போய் எழுதுவார். மறைத்து வைத்தால், யாரும் படிக்காத ஒன்றை அரை மணி நேரம் செலவழித்து எழுதிக்கொண்டே இருப்பார். அதைவிட மோசம், தன் கருத்துக்கு யாரிடமும் மறுப்பு இல்லை என்று நம்பத் தொடங்கிவிடுவார்.

அவர் பக்கத்தின் இன்பாக்ஸுக்கு எழுதினார். இணைப்பு இருந்தால் தானாக மறையும்படி வைத்திருக்கிறோம் என்று பதில் வந்தது, பழைய கமெண்டுகளில் சிலவற்றைத் திறந்தும் விட்டார்கள். இப்போது அவர் இணைப்புக்குப் பதிலாக அறிக்கையின் பெயரையும் ஆண்டையும் பக்க எண்ணையும் எழுதுகிறார். போன வாரம் முன்பின் தெரியாத ஒருவர் அவரிடம் வந்து நன்றாகச் சண்டை போட்டார்.