புறநானூற்றின் 267ஆம் பாட்டு

சென்ற மாதம் ஒரு கட்டுரைத் தொகுப்புக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொரு கட்டுரைகள். பத்தில் வழக்கமான பிழைகள் இருந்தன. ஒருவர் காற்புள்ளிக்கு முன்னால் இடைவெளி விடுவார். இன்னொருவர் எந்த வாக்கியத்தையும் இரண்டு புள்ளி வைத்துத்தான் முடிப்பார். மூன்றாமவர் ‘பல்லிக்குப் போனேன்’ என்று எழுதியிருந்தார். ஒலிபெயர்ப்பு முறையில் தட்டச்சு செய்பவர் அவர். ளகரத்துக்கு அழுத்த வேண்டிய ஷிப்ட் விசை விரலுக்கு எட்டாமல் போயிருக்கிறது. அவர் போனது பள்ளிக்கூடத்துக்கு என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பதினோராவது கட்டுரையில் ஒரு பிழையும் இல்லை. வல்லினம் மிக வேண்டிய இடத்தில் மிகுந்திருந்தது, மிகக் கூடாத இடத்தில் மிகவில்லை. நடுவில் ஒரு மேற்கோள்: புறநானூறு 267, பாடியவர் ஔவையார், திணை வெட்சி. ஏழு வரி அகவல். சீர் பிரித்து, எதுகை பார்த்து, பிசிறில்லாமல் நின்றது. ஐந்தாம் வரியில் ‘தியாகம்’ என்ற சொல் மட்டும் உறுத்தியது. கொடையைச் சொல்ல ‘ஈகை’ இருக்கும்போது, சங்கப் பாட்டுக்குள் இந்தச் சொல் எப்படி வந்தது?

அலமாரியிலிருந்து உ.வே.சா. பதிப்பை எடுத்துப் புரட்டினேன். 266 இருக்கிறது. அடுத்தது 269. இடையிலுள்ள இரண்டு பாட்டும் ஏடுகளில் கிடைக்கவே இல்லை. நானூறு பாட்டு என்று நாம் வாய்நிறையச் சொல்லும் நூலில் 267, 268 என்ற எண்கள் வெறுமையாகவே நிற்கின்றன.

கட்டுரையாசிரியரைத் தொலைபேசியில் அழைத்தேன். எழுபது வயதைத் தாண்டியவர். “ஐயா, 267 எங்கே கிடைத்தது?” என்று கேட்டேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “தம்பி, பேரன் கணினியில் அந்தச் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு எடுத்துக் கொடுத்தான். இவ்வளவு திருத்தமாக இருந்ததே, சரிபார்க்கத் தோன்றவில்லை” என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்தத் திருத்தத்தின் மேல்தான் வந்தது.

அந்த இயந்திரம் ஏட்டைத் திறந்து பார்த்து விடை சொல்வதில்லை. எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வந்தால் பொருந்தும் என்று கணித்துக் கோத்துக்கொண்டே போகிறது. புறநானூற்றுப் பாட்டின் வடிவம் அதற்குத் தெரியும்: அகவல் நடை, கீழே திணை, துறை, பாடியவர் பெயர். 269 உண்மையிலேயே ஔவையார் பாட்டு, திணையும் வெட்சிதான். ஆகவே அந்தப் பெயரும் திணையும் பொருத்தமாகவே தெரிகின்றன. இல்லாத பாட்டைக் கேட்டாலும் வடிவம் நிரம்பிவிடுகிறது. நிரப்பிய இடத்தில் ஒரு கீறல்கூட இல்லாததுதான் அச்சமூட்டுகிறது.

ஏடு எழுதியவர்களும் பிழை செய்தவர்கள்தான். ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கும் வழக்கம் இல்லை. எகர ஏகார வேறுபாடு, ஒகர ஓகார வேறுபாடு இல்லை. ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலவே இருக்கும். ‘கொள’ என்று கீறியிருந்தால் கொள் என்றும் படிக்கலாம், கோள் என்றும் படிக்கலாம். ஆனாலும் அந்தப் பிழைகளுக்கு ஒரு வழித்தடம் இருந்தது. எழுத்து எதனால் மாறியது என்று தெரிந்தால் முதலில் என்ன இருந்தது என்று ஊகிக்கலாம். வேறு ஏட்டோடு ஒப்பிட்டு உறுதிசெய்யலாம். 1894இல் புறநானூறு அச்சேறியது அப்படித்தான். ஏடு சிதைந்து சொல் போன இடங்களில் உ.வே.சா. புள்ளிகளை இட்டார். அவ்வளவு தமிழ் கற்றவருக்கு இரண்டு அகவலை எழுதிச் சேர்ப்பது முடியாத காரியமா? அவர் சேர்க்கவில்லை. அந்தப் புள்ளி வரிசையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

மனிதர்களும் இல்லாததை எழுதுவதுண்டு. நினைவிலிருந்து எழுதிப் பாட்டெண்ணை மாற்றிவிடுவார்கள், 1894ஐ 1984 ஆக்கிவிடுவார்கள். அவையும் ஆபத்தான பிழைகளே, கண்ணுக்கு எளிதில் சிக்காதவை. ஆனால் மாறிக் கிடக்கும் இலக்கங்களை உற்றுப் பார்த்தால் சரியான ஆண்டு அவற்றுக்குள்ளேயே இருக்கும். அந்த ஏழு வரிகளை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் உள்ளே வேறொரு பாட்டு இல்லை.

இப்போது நான் வேலை செய்யும் முறையே மாறிவிட்டது. முன்பெல்லாம் கரடுமுரடான பத்தியில்தான் கண் நிற்கும். வழுக்கிக்கொண்டு போகும் பத்தியை நம்பிக் கடந்துவிடுவேன். இன்று அந்த வழுவழுப்பான பத்தியில்தான் பென்சில் நிற்கிறது. பாட்டெண், ஆண்டு, ஆள் பெயர், மேற்கோள் குறிக்குள் இருக்கும் வரி ஒவ்வொன்றையும் மூலநூலில் தேடிக் கண்ணால் பார்த்த பிறகே விடுகிறேன். இணையத்தில் தேடிச் சரிபார்ப்பதில்லை; அதே போலிப் பாட்டு அங்கேயும் ஏறியிருக்கலாம். ஒரு பக்கத்துக்கு முன்பு பத்து நிமிடம் ஆனது, இப்போது அரை மணி நேரம் ஆகிறது.

பெரியவர் நான்காம் நாள் கட்டுரையை மறுபடி அனுப்பினார். இந்த முறை அவரே தட்டச்சு செய்திருந்தார். மேற்கோள் இருந்த இடத்தில் 269ஆம் பாட்டு வந்திருந்தது. வரிவரியாக ஒப்பிட்டேன். இரண்டு இடங்களில் ஒற்று விடுபட்டிருந்தது, ஓரிடத்தில் ணகரத்துக்கு னகரம் விழுந்திருந்தது. மூன்றையும் திருத்தி அச்சுக்கு அனுப்பினேன்.