வாங்குபவர் கேட்ட பிறகுதான் பையைத் திறப்பீர்களா?

வீடு விற்பனைக்கு என்று எல்லோரிடமும் சொல்லியாயிற்று, சுவருக்குப் புதுச் சாயமும் பூசியாயிற்று. "பத்திர நகல் கிடைக்குமா?" என்று வந்தவர் கேட்ட பிறகுதான் பீரோவின் மேல்தட்டிலிருந்து அந்தப் பழைய பை இறங்குகிறது! பத்து வருட ரசீது எல்லாம் ஒரே கட்டு. அதை அப்படியே அவர் கையில் கொடுத்துவிட்டு, "எல்லாம் இதில் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். பார்க்கத்தான் போகிறார். நீங்கள் ஒருமுறைகூடப் பார்க்காத குறையை, உங்கள் கண் முன்னால், விலை பேசும் நேரத்தில் அவர் பார்ப்பார்.

காகிதம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. ஒரு காகிதம் சொல்வதை இன்னொரு காகிதமும் சொல்கிறதா? அதைத்தான் பார்க்க வேண்டும், அதைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பத்திரத்தில் கணவன், மனைவி இருவர் பெயரும் இருக்கிறது. சொத்து வரி ரசீதில் கணவன் பெயர் மட்டும், அதிலும் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. மின் கட்டண ரசீது, வீட்டை அவர்களுக்கு விற்ற முந்தைய உரிமையாளர் பெயரிலேயே இன்னும் வந்துகொண்டிருக்கிறது. பத்திரத்தில் பழைய கதவு எண், ரசீதில் புதிய எண். வரிக் கணக்கில் கட்டடம் 900 சதுர அடி. நேரில் அளந்தால் 1,200. இதில் ஒன்றுகூட மோசடி இல்லை. பெயர் மாற்றச் சோம்பல், பிறகு கட்டிய மாடி அறையைத் தெரிவிக்காத அலட்சியம், அவ்வளவுதான். ஆனால் வாங்குபவரின் வழக்கறிஞருக்கு அது எப்படித் தெரியும்? அவர் கண்ணுக்கு இது மூன்று பேர் உரிமை கொண்டாடும் வீடு, அனுமதி இல்லாமல் 300 சதுர அடி கூடிய வீடு. சந்தேகம் தீரும்வரை முன்பணம் வராது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வெள்ளைத்தாள் போதும் ஐயா! பெயர், முகவரி, சொத்தின் அடையாள எண், பரப்பு, தேதி என்று ஐந்து கட்டம் போடுங்கள். ஒவ்வொரு காகிதத்தில் இருப்பதையும் எழுத்து பிசகாமல் அப்படியே எழுதுங்கள். மனதுக்குள் திருத்தி எழுதினால் எல்லாம் வீண். மேலிருந்து கீழாகப் படித்தால் எது மாறுகிறது என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். திருத்தத்தான் நாளாகும். பெயர் மாற்றம், எண் மாற்றத்துக்கான சான்று, கூடுதல் அறையின் அனுமதிப் பத்திரம் எல்லாம் அலுவலகத்தின் வேகத்தில்தான் நகரும். அதனால்தான் இதை விளம்பரத்துக்கு முன்பே செய்யச் சொல்லித் தொண்டை வற்றுகிறது.

வரி ரசீதில் இன்னொரு கொடுமை. கேட்பு அறிவிப்பை ரசீது என்று நினைத்துக் கோப்பில் வைத்திருப்பார்கள். அது கட்டச் சொன்னதற்கான காகிதம், கட்டியதற்கான காகிதம் அல்ல. வங்கியிலிருந்து பணம் போனதாகக் காட்டும் பட்டியலும் பாதிச் சான்றுதான், ஏனென்றால் ஓர் இலக்கம் தவறினால் அந்தப் பணம் வேறொருவர் கணக்கில் வரவாகியிருக்கலாம். ரசீதில் பணம் கட்டிய தேதியை விட, எந்தக் காலத்துக்கான வரி என்பதைப் பாருங்கள். நடுவில் ஓர் அரையாண்டு விடுபட்டிருப்பது அங்கேதான் தெரியும். வெப்பத்தாளில் அச்சான ரசீது இரண்டொரு வருடத்திலேயே மங்கி வெறும் தாளாகிவிடலாம். எழுத்து தெரியும்போதே நகல் எடுக்க என்ன தடை?

மின்சாரம், தண்ணீர் ரசீதுகள் கடைசி 12 மாதத்துக்கு வரிசையாக இருந்தால் போதும். மீட்டரைப் படம் எடுத்து, அதிலுள்ள எண்ணும் ரசீதிலுள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். அடுக்குமாடியில் பக்கத்து வீட்டு மீட்டருக்குப் பணம் கட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

எல்லாவற்றையும் விட ஆத்திரம் வருவது வீட்டுக்கடன் விஷயத்தில். கடைசித் தவணை கட்டினோம், "பாக்கி இல்லை" என்று கடிதம் வந்தது, கதை முடிந்தது என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். அடமானம் பதிவேட்டில் ஏறியிருந்தால், அது அங்கிருந்தும் நீங்க வேண்டும். நீங்கவில்லையென்றால், தேடிப் பார்ப்பவருக்கு வீடு இன்றும் கடனில்தான் இருக்கிறது. கடிதத்தோடு, கடன் வாங்கியபோது வங்கியிடம் கொடுத்த மூலப் பத்திரங்கள் எல்லாம் திரும்பி வந்தனவா என்று அன்றைய பட்டியலை வைத்துப் பக்கம் பக்கமாக எண்ணுங்கள்.

இத்தனையும் சரிசெய்த பிறகு, மூலத்தையே தூக்கி வந்தவரிடம் கொடுத்தனுப்பாதீர்கள்! நகல் மட்டும் கொடுங்கள். அதன் ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே "பார்வைக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதுங்கள், வங்கிக் கணக்கு எண்ணை மறைத்துவிடுங்கள். மூலத்தை அவர் பார்க்க வேண்டுமென்றால், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது பார்க்கட்டும்.