பெயருக்கு ஒரு பூட்டு, பக்குவத்துக்கு வேறு பூட்டு

போன மாதம் அக்கா வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு ஒருவர் கேரளத்தின் ஆறன்முளா கண்ணாடி பரிசளித்தார். பித்தளைச் சட்டம், பட்டுத்துணி விரித்த பெட்டி, உள்ளே ஒரு அட்டையில் அதன் பெருமை எல்லாம் அச்சடித்திருந்தது. அக்காவின் மாமனார் அதைக் கையில் வாங்கி, ஆள்காட்டி விரலின் நுனியைக் கண்ணாடி மேல் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். பிறகு சமையல்கட்டில் என்னிடம் மட்டும், "தம்பி, இது வெறும் கண்ணாடி, பாவம் ஏமாந்துட்டார்" என்றார்.

அவர் செய்த சோதனையை நீங்களும் செய்யலாம். நம் வீட்டுக் கண்ணாடியில் ரசப்பூச்சு பின்பக்கம் இருக்கிறது. அதனால் விரல் நுனியை வைத்தால் விரலுக்கும் பிம்பத்துக்கும் நடுவே கண்ணாடியின் தடிமனால் ஒரு இடைவெளி தெரியும். ஆறன்முளா கண்ணாடியில் கண்ணாடியே கிடையாது, அது மெருகேற்றிய வெண்கலம், மேல்பரப்பே பிரதிபலிக்கிறது, ஆகவே விரலும் பிம்பமும் ஒட்டி நிற்கும். ஆனால் நன்றாக மெருகேற்றிய எஃகுத் தகடும் இந்தச் சோதனையில் தேறிவிடும். பொருள் உலோகமா என்று விரல் சொல்லும், எந்த ஊரில் செய்தது என்று சொல்லாது. அதைச் சொல்லத்தான் புவிசார் குறியீடு.

இதை எழுத வந்ததே அந்தக் குறியீட்டைப் பற்றி நம் ஆட்கள் பேசுவதைக் கேட்டுத்தான். "ஜிஐ வாங்கியாச்சு, இனி வேற யாரும் செய்ய முடியாது" என்கிறார்கள். தப்பு. செய்யலாம். அந்தப் பெயரில் விற்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஆறன்முளா பம்பைக் கரையில் இருக்கும் ஊர், பத்தனம்திட்டா மாவட்டம். பார்த்தசாரதி கோயில் வேலைக்காக நம் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து எட்டுக் கைவினைக் குடும்பங்களை அழைத்துப் போனதாகவும், அவர்கள் வழியில்தான் இந்தக் கண்ணாடி வந்ததாகவும் அங்கே சொல்வார்கள். இந்தியாவின் புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-இல் வந்தது, 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. கிண்டியில் இருக்கும் பதிவகத்தில் முதல் இரண்டு எண்கள் டார்ஜிலிங் தேயிலைக்குப் போக, மூன்றாவது எண் இந்தக் கண்ணாடிக்கு. விண்ணப்பித்தது ஒரு தனிக் குடும்பம் இல்லை, அந்தக் கைவினைஞர்களின் சங்கம். சட்டம் அப்படித்தான் கேட்கிறது. புவிசார் குறியீட்டை விற்கவோ, எழுதிக் கொடுக்கவோ, அடமானம் வைக்கவோ முடியாது. அந்த எல்லைக்குள் அந்த முறைப்படி செய்யும் யாரும் தன்னை அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிந்துகொள்ளலாம், அவர் உங்கள் பங்காளியாக இருந்தாலும் சரி, பங்காளிப் பகையாக இருந்தாலும் சரி. "எங்க தாத்தா கண்டுபிடிச்சது, எங்களுக்கு மட்டும் வேணும்" என்று நினைக்கிறவருக்கு இந்தச் சட்டத்தில் இடமே இல்லை.

சரி, அப்போது அந்தப் பக்குவம்? அதற்கு வணிக ரகசியம் என்ற வேறு பூட்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இழுப்பவை. குறியீடு கேட்டால் பொருளின் தன்மை என்ன, எப்படிச் செய்கிறீர்கள், மண்ணுக்கும் ஊருக்கும் என்ன தொடர்பு என்றெல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். விண்ணப்பத்தை ஏற்றதும் பதிவகத்தின் இதழில் வெளியிட்டு, ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள் என்று ஊருக்கே காட்டுவார்கள். ஆர்வக்கோளாறில் கலவைக் கணக்கையும் சேர்த்து எழுதிவிட்டால் ரகசியம் அன்றைக்கே முடிந்தது, திரும்ப வாங்க வழியில்லை. செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த உலோகம், களிமண் அச்சில் வார்ப்பது, கையால் மெருகேற்றுவது என்ற அளவில் எழுதலாம். எத்தனைக்கு எத்தனை என்பதை எழுதத் தேவையில்லை.

இதில் ஒரு வேடிக்கை, அந்த விகிதமே இன்றைக்குப் பெரிய ரகசியமில்லை. உலோகவியல் ஆய்வாளர்கள் இந்தக் கண்ணாடியைச் சோதித்து, வெள்ளீயம் நூற்றுக்கு முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று பங்கு என்று ஆய்வுக் கட்டுரையிலேயே எழுதிவிட்டார்கள். கடையில் ஒரு கண்ணாடி வாங்கி ஆய்வகத்தில் கொடுத்து எண்ணைத் தெரிந்துகொண்டால் அது திருட்டு ஆகாது, நேர்மையாக வாங்கியதைப் பிரித்துப் பார்க்க யாருக்கும் உரிமை உண்டு. ஆனாலும் எண் தெரிந்தவர்கள் எல்லோரும் ஏன் கண்ணாடி செய்யவில்லை? அவ்வளவு வெள்ளீயம் சேர்ந்தால் உலோகம் வெள்ளி நிறத்தில் கடினமாகும், கூடவே கண்ணாடியைப் போலவே நொறுங்கும். கீழே விழுந்தால் நசுங்காது, உடையும். அச்சுக்கு எந்த மண், எவ்வளவு உலர்த்துவது, எந்த நிறத்தில் கொதிக்கும்போது ஊற்றுவது, எவ்வளவு மெதுவாக ஆறவிடுவது, நாள்கணக்கில் தேய்க்கும்போது கை எங்கே அழுத்த வேண்டும், எங்கே அழுத்தினால் விரிசல் விடும், இதெல்லாம் எந்த ஆய்வகத்திலும் தெரியாது. மிஞ்சியிருக்கும் ரகசியம் இதுதான், காப்பாற்ற வேண்டியதும் இதைத்தான். எண்ணைப் பெட்டியில் பூட்டிவைத்துவிட்டுப் பட்டறைக்கு வரும் சுற்றுலாக்காரரைத் தேய்ப்பதையும் ஊற்றுவதையும் வீடியோ எடுக்கவிட்டால் என்ன அர்த்தம்?

இந்தியாவில் வணிக ரகசியத்துக்கென்று தனிச் சட்டம் இல்லை. சட்ட ஆணையம் 2024 மார்ச்சில் ஒரு அறிக்கையும் வரைவு மசோதாவும் கொடுத்தது. அது சட்டமாகும் வரை, நம்பிச் சொன்னதைத் தவறாகப் பயன்படுத்தக் கூடாது என்ற பழைய கோட்பாட்டை வைத்துத்தான் வழக்கு. 1987-இல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. கால்நடைத் தீவனம் வளர்க்கும் இயந்திரம் ஒன்றைச் செய்கிறவர், அதற்குத் தேவையான ஒரு பாகத்தைச் செய்துதரச் சொல்லி வேறொரு நிறுவனத்துக்கு வரைபடங்களையும் விவரங்களையும் கொடுக்கிறார். ஆர்டர் கைகூடவில்லை. பின்னால் பார்த்தால் அந்த நிறுவனமே அதே மாதிரி இயந்திரம் செய்கிறது. நம்பிக் கொடுத்ததைச் சொந்த லாபத்துக்குப் பயன்படுத்தியது தவறு என்று நீதிமன்றம் தடை விதித்தது. கவனிக்க வேண்டியது, அங்கே கொடுத்தது இன்னதென்று காட்டக் காகிதம் இருந்தது.

நம் குடும்பத் தொழில்களில் அது இருக்காது. பத்து வருஷம் கூடவே இருந்த வேலையாள் விலகிப் போய்ப் பக்கத்துத் தெருவில் பட்டறை போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "விலகிய பிறகு இந்தத் தொழிலே செய்யக் கூடாது" என்று எழுதி வாங்கியிருந்தாலும் ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு அதைச் செல்லாததாக்கிவிடும், ஒருவரின் பிழைப்பைத் தடுக்க முடியாது. "இன்ன இன்ன விவரங்களை வெளியில் சொல்ல மாட்டேன், பயன்படுத்த மாட்டேன்" என்று எழுதி வாங்கியிருந்தால் அது வேறு, அதற்கு மதிப்பு உண்டு. எதுவுமே எழுதாமல், மண் குழைப்பதிலிருந்து மெருகு வரைக்கும் ஒரே ஆளுக்குக் காட்டிக் கொடுத்துவிட்டு, "எங்க ரகசியத்தைத் திருடிட்டான்" என்று போனால், எது ரகசியம், அதைக் காக்க நீங்கள் என்ன செய்தீர்கள் என்றுதான் முதல் கேள்வியே வரும். அந்த ஆள் ஆறன்முளாவிலேயே பட்டறை போட்டால் அவருக்கும் பெயரைப் பயன்படுத்தும் உரிமை கிடைக்கும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-இல் குறியீடு கிடைத்தபோது இந்தத் தலைவலி இல்லை. வெல்லப் பாகும் கடலையும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், அங்கே பெயர்தான் சொத்து.

அக்கா வீட்டுக்கு வந்த அட்டையை அப்புறம் எடுத்துப் படித்தேன். பெரிய எழுத்தில் ஆறன்முளா, கீழே பொடி எழுத்தில் "மாடல்". இந்த மாதிரி ஒட்டுச்சொல் போட்டுத் தப்பிப்பதையும் சட்டம் தடுக்கிறது, ஆனால் மத்திய அரசு தனியாக அறிவிக்கை செய்த பொருள்களுக்கு மட்டும். மற்றவற்றுக்கு, வாங்கியவர் ஊர் விஷயத்தில் ஏமாறும்படி இருந்தது என்று காட்ட வேண்டும். பரிசு கொடுத்தவரையே சாட்சிக்குக் கூப்பிடலாம், ஆனால் அக்கா விடமாட்டாள்.